பதில் போட்ட ஒரே வீடு

என் தம்பி இல்ஹாமுக்குப் புத்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. புத்தி இன்னும் பிரான்சில் இருக்கிறது. ஆள் மட்டும்தான் எங்கள் ஊர் கொடகவெலவுக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

லியோன் நகரத்தில் பல வருடம் ஒரு ரெஸ்டூரண்டில் சமைத்தான். உழைத்தான், மறுக்கவில்லை. அந்தக் காசில் டவுனுக்கு மேலே தேயிலைக் காணியொன்றை வாங்கி வீடு கட்டினான். வீடும் நல்ல வீடுதான். ஆனால் குடிபுகும் நாளுக்கு ஒரு அழைப்புக் காட் அடித்தான் பாருங்கள், அதை நினைத்தால் இப்பவும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிகிறது.

கட்டியான வெள்ளைத் தாள். பூ இல்லை, பிறை இல்லை, மேலே ஒரு பிஸ்மில்லாஹ் கூட இல்லை. முழுக்கப் பிரெஞ்சு. ரத்தினபுரியில் அச்சடிக்கக் கொடுத்து, எழுத்துகளின் தலையில் கிடக்கும் கோடுகள் சரியாக விழவில்லை என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினான்.

“வாசி பாப்பம்” என்றேன்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். பிறகு தமிழில் சொன்னான்: திருவாளர் இல்ஹாமும் திருமதி இல்ஹாமும், தங்களது புதிய இல்லத்தின் கொக்கி தொங்கவிடும் வைபவத்துக்குத் தாங்கள் வருகை தந்தால் பெரிதும் கௌரவமடைவார்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணி முதல். ஜூன் முதலாந் தேதிக்கு முன்னர் பதில் விரும்பப்படுகிறது.

“என்ன கொக்கி?”

“அந்தக் காலத்துல அங்க புது வீட்டுல அடுப்புக்கு மேல சட்டி மாட்டுற கொக்கியத் தொங்கவிட்டுத்தான் விருந்து வைப்பாங்க ராத்தா. அந்தப் பேர்தான் இன்னும் சொல்ற.”

“உன்ட அடுப்பு கரண்ட்ல வேல செய்யுது. கொக்கிய எங்க தொங்கவிடப் போறாய், உன்ட மூக்குலயா?”

அவன் சிரிக்கவில்லை. அவனுடைய பழைய முதலாளியும் மனைவியும், இன்னும் சில வெள்ளைக்காரர்களும் விடுமுறைக்கு வருகிறார்களாம். அவர்களுக்காகத்தான் பிரெஞ்சு. சரி, அவர்களுக்குக் கொடு, யார் வேண்டாம் என்றது? ஊருக்குத் தமிழில் ஒன்று அடிக்க வேண்டியதுதானே? அதற்கு அவன் சொன்ன பதில்: “எல்லாருக்கும் ஒரே மரியாத ராத்தா. ஆளுக்கொரு காட் அடிக்கிற எனக்குப் புடிக்காது.”

மரியாதையாம். இறைச்சிக் கடைக்காரர் அந்தக் காட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு “மாஷா அல்லாஹ்” என்றாராம். பள்ளிவாசல் தலைவர் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறார், பேத்தி பரிசு வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை, விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லவும் இல்லை. அப்படிப்பட்ட ஊர் இது.

பதில் கேட்டதுதான் அதைவிடக் கூத்து. நம்முடைய கல்யாணக் காட்டின் மூலையிலும் ஆங்கிலத்தில் பதில் கேட்டு நாலு எழுத்து கிடக்கும். அது வெறும் அலங்காரம். பதில் போட்டவன் ஒருவனை எனக்குக் காட்டுங்கள். வருகிறவன் வருவான், வீட்டில் விருந்தாளி இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வருவான். சஹன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஏழாவது ஆள் வந்தால், மற்றவர்கள் முழங்காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான் நம்முடைய கணக்கு. இவனோ சஹன் வேண்டாம், ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கு முன்னால் பெயர் எழுதிய அட்டை என்று நின்றான்.

இதெல்லாம் அவன் பாடு என்று நான் விட்டிருப்பேன். ஆனால் என் மகள் நுஹாவின் காரியம் இதற்குள் கிடந்தது.

எம்பிலிப்பிட்டியவில் நிலாம் ஹாஜியாருக்குப் புடவைக் கடை இருக்கிறது. அவருடைய மகன் ஜஸீலுக்கு நுஹாவைப் பேசியிருந்தோம். பையன் மருந்துப் பாமசி வைத்திருக்கிறான், அமைதியான பிள்ளை. நுஹாவுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று அவள் சொல்லவில்லை. அவனுடைய பெயர் எடுபட்டால் எழுந்து குசினிக்குள் போவாள், எனக்கு அது போதும். எல்லாம் பேசி முடிந்து நாள் குறிப்பதுதான் மிச்சம். இல்ஹாமின் வீடு குடிபுகும் அன்றைக்கு எல்லாரும் வருகிறோம், அங்கேயே உட்கார்ந்து நாளைக் குறிப்போம் என்று ஹாஜியார்தான் சொன்னார். என் புருஷன் கட்டாரில் வேலை செய்கிறார். அதனால் பெண் வீட்டுக்குப் பெரிய ஆம்பிளை என்று நிற்க வேண்டியவன் என் தம்பி.

“ஹாஜியார் வீட்டுக்கு நீயும் மச்சியும் புருஷன் பொஞ்சாதியா நேர போய்ச் சொல்லோணும்” என்று அவனுக்கு நான் படித்துப் படித்துச் சொன்னேன். சம்பந்தம் பேசுகிற வீட்டுக்கு வெறுங்காட் போகாது. இனிப்புப் பெட்டியோடு போய், உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, “வீட்டோட எல்லாரும் வாங்க” என்று வாயால் சொல்ல வேண்டும். காட் அதற்குப் பிறகுதான், சும்மா ஒரு ஞாபகத்துக்கு.

“ஓ ராத்தா, பாக்குறேன்” என்றான். பார்த்தான். தபாலில் போட்டுவிட்டான்.

எனக்கு அது தெரிய வந்ததும் அடுத்த நாளே ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஹாஜியாரின் வீட்டு விறாந்தையில் அவரும் சித்தி மரியம் என்ற பெயருள்ள அவருடைய மனைவியும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு ஸப்வானும் இருந்தான். உடவளவை யானைகளைப் பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரிகிற கைட் அவன். காட் அவன் கையில் இருந்தது.

“நல்ல நேரத்துல வந்தீங்க மகள்” என்றார் ஹாஜியார். “எங்களுக்கு வாசிக்கத் தெரியல்ல. ஸப்வான் சொல்லித் தாறார்.”

ஸப்வான் வாசித்துச் சொன்னான். குற்றம் சொல்ல இடமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. கௌரவமடைவார்கள் என்றான். பதில் விரும்பப்படுகிறது என்றான். ஹாஜியார் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சித்தி மரியம் கடித உறையைக் காட்டினார். “இதுல என்ன எழுதீக்கி?”

“திருவாளர் நிலாம், திருமதி நிலாம்.”

“எங்கட பேர் மட்டுமா? பிள்ளையள்?”

ஸப்வான் என்னைப் பார்த்தான், பிறகு உறையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத சனியன். “அவங்கட முறை மாமி, உறையில யார்ட பேர் இரிக்கிதோ அவங்களுக்குத்தான் அழைப்பு. பிள்ளையளக் கூப்பிட்டா பிள்ளையள்ட பேரும் எழுதுவாங்க.”

“அப்ப ஜஸீலுக்கு இல்ல.”

மாப்பிள்ளைக்கு அழைப்பு இல்லாத வீட்டில் அவனுடைய கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் போகிறார்கள்! எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது.

“ஹாஜியார், அது பைத்தியக்காரன் செஞ்ச வேல. நான் வந்தீக்கிறேனே, நான் சொல்றேன். வீட்டோட வாங்க. மகனும் வரட்டும், மகள்மாரும் வரட்டும், எல்லாரும் வாங்க.”

“நீங்க சொல்ற எங்களுக்குச் சந்தோஷம் மகள்.” குரலில் ஒரு கடுமையும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “ஆனா வீட்டுக்காரர் நீங்க இல்லியே. நாளைக்கு எங்கட மகன் அங்க வந்து நிண்டா, அவனுக்கு முன்னால பேர் எழுதின தட்டு இரிக்குமா? வீட்டுக்காரர் வந்து ஒரு சொல்லுச் சொல்லட்டும். தேதிக்கு இன்னும் நாள் இரிக்கிதானே.”

இவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு மணித்தியாலப் பயணம், ஒரு சொல். நான் திரும்பி வந்து நேரே தம்பியின் புது வீட்டுக்குப் போனேன். அவன் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

“இறங்கு. இப்பவே எம்பிலிப்பிட்டியக்குப் போ.”

நடந்ததை எல்லாம் கேட்டான். கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னான்: “ராத்தா, காட் அனுப்பின பொறகு ஆள் போய் நிண்டா அது நெருக்குற மாதிரி. அங்க அத அநாகரிகம் எண்டு சொல்லுவாங்க. அவங்களுக்குப் பதில் சொல்ல நேரம் குடுக்கோணும்.”

“இது அங்க இல்லடா! இது கொடகவெல!”

“பழகினாத்தானே சனம் திருந்தும்.”

திருத்த வந்துவிட்டார் துரை. நான் கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை, இருந்தும் கெஞ்சினேன். உன் மருமகளின் வாழ்க்கையடா என்றேன். அவன் மனைவி கூட “ஒருக்காப் போய்ட்டு வாங்களே” என்றாள். அசையவில்லை. ஜூன் முதலாந் தேதி வரட்டும் என்று மறுபடியும் ஏணியில் ஏறினான். நுஹாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஜஸீலிடமிருந்து அவளுக்கு வரும் போன் நின்று போனது எனக்கும் தெரியும்.

முதலாந் தேதிக்கு இரண்டு நாள் முன்பு தம்பி என் வீட்டுக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் பல். கையில் ஒரு சின்ன வெள்ளை அட்டை, அதில் அழகான கையெழுத்து.

“ராத்தா! ஊர் முழுக்க காட் குடுத்தேன். ஒருத்தன் பதில் போடல்ல. பதில் போட்ட ஒரே வீடு எது தெரியுமா? உங்கட சம்பந்தி வீடு! அதும் பிரெஞ்சுல! முறையெண்டா முறை. பாருங்களே, எங்கட முதலாளி கூட இப்படி எழுத மாட்டார்.”

ஸப்வானின் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும். நுஹா குசினி வாசலுக்கு வந்து நின்றாள். “வாசிங்க மாமா” என்றாள்.

அவன் வாசித்துத் தமிழில் சொன்னான். திருவாளர் நிலாமும் திருமதி நிலாமும், திருவாளர் இல்ஹாம் தம்பதியினரின் அன்பான அழைப்புக்கு நன்றி கூறுகிறார்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு கடமை இருப்பதால் அதற்கு வர முடியாமைக்கு மிகவும் வருந்துகிறார்கள்.

“வரல்ல எண்டத எவ்வளவு மரியாதயாச் சொல்லி இரிக்காங்க!” என்றான் என் தம்பி. “இதத்தான் நான் இத்தன நாளும் சொன்னேன்.”

நுஹா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “நாள் குறிக்க எப்ப வாறாங்க எண்டு அதுல இரிக்கா மாமா?”

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. “இல்ல மகள். இது காட்டுக்குப் பதில். அதெல்லாம் இதுல எழுத மாட்டாங்க.”

“வேற ஒண்டும் வராது மாமா. எல்லாத்துக்கும் இதுதான் பதில்.” அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை, அவ்வளவு அமைதியாகப் போனாள்.

அவனுக்கு அப்பவும் முழுக்க விளங்கவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல், போனை எடுத்துச் சமையல்காரனைக் கூப்பிட்டான். “ரெண்டு தட்டுக் கொறைங்க” என்றான்.

“நாலு எண்டு சொல்லு” என்றேன் நான். “நானும் என்ட மகளும் வரல்ல. பதில்தானே உனக்கு வேணும்? இந்தா, தேதிக்கு முந்தியே சொல்லிட்டேன். பிரெஞ்சுல நீயே எழுதிக்கோ.”