எந்த ஸ்பெல்லிங்?

ஷோபனாவுக்கு அன்று பகல் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் நடத்தும் சின்ன லேத் பட்டறைக்கு, வாழ்நாளில் வராத பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஆர்டர் கொடுத்தவர் இருதயராஜ். சென்னீர்குப்பத்தில் புதுக் கம்பெனி, ஷோபனா போகும் மாதா கோயிலில் முன்வரிசை ஆள். சரக்கு போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவாராம். இரும்பு வாங்கப் பருத்திப்பட்டு ஃப்ளாட்டை பேங்கில் அடமானம் வைக்க வேண்டும். திங்கட்கிழமை கையெழுத்து.

வீடு போனால் குடும்பமே தெருவில்தான்.

"இன்னும் அதே கம்ப்யூட்டர் முன்னாலயா?" என்றபடி வந்தான் அவள் கணவன் ஜஸ்டின். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன். ஃப்ளாட் அவன் பெயரில் இருந்தது. "கம்பெனி பேரைப் போட்டுப் பாத்தியே, ஒண்ணும் வரலல்ல?"

"பொறந்து எட்டு மாசமான கொழந்தைக்கு இன்னா கெட்ட பேரு இருக்கும்? ஆளைப் பாக்கணும்."

அரசாங்கத்தின் கம்பெனிப் பதிவுத் தளத்தில் லாகின் போட்டுப் பார்த்தாள். டைரக்டர்கள் இரண்டு பேர். இருதயராஜின் மனைவி ராணி, மகள் நிவேதிதா. விசிட்டிங் கார்டில் 'எம்.டி.' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்ட மனிதரின் பெயரை அங்கே காணோம்.

"பொம்பளைங்க பேர்ல வெச்சா சலுகை கெடைக்கும், அதான்" என்றான் ஜஸ்டின். "இருதயராஜ் அண்ணனைப் போயி சந்தேகப்படுறியே, அசிங்கமா இல்ல?"

அசிங்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடவில்லை. வசதி இருந்தும் வேண்டுமென்றே கடன் கட்டாதவர்கள் என்று பேங்குகள் வழக்குப் போட்ட ஆட்களின் பட்டியலை, சிபில் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். டைரக்டர் பெயரை வைத்தும் தேடலாம். கார்டில் உள்ளபடி Irudayaraj என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை.

"போதுமா?" என்றான் ஜஸ்டின்.

போதவில்லை. எழுந்து டீ போட்டாள், குடிக்காமல் வைத்தாள், மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இங்கிலீஷில் எழுதும்போது நம் ஆட்கள் பெயர் ஆளுக்கு ஒரு கோலம் அல்லவா? இருதயராஜ் என்ற ஒரே பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஒருவிதமாக எழுதுவான், கல்யாணப் பத்திரிகையில் இன்னொருவிதமாக அடிப்பான். ஆனால் பட்டியலை அனுப்புவது பேங்க். பேங்க் அவரை எப்படி எழுதியது?

சட்டென்று போனை எடுத்தாள். சாம்பிள் போட அவர் ஜிபேயில் கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தார். அந்த விவரத்தில் பேங்க் கணக்கிலுள்ள பெயர் இருந்தது: Iruthayaraj Anthony. d இல்லை, th.

அப்படியே அடித்தாள். வந்துவிட்டது, ஐயோ! வேறொரு கம்பெனி, கோடிக்கணக்கில் பாக்கி, டைரக்டர் பெயர் எழுத்துக்கு எழுத்து அதேதான்.

"ஊர்ல எத்தினி இருதயராஜ் கீறாங்க" என்றான் ஜஸ்டின். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

அதுவும் நியாயம்தான். ஒரு பெயர் ஒத்துப்போனதை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொன்னால் பாவம் நம்மைத்தான் சேரும். ஷோபனா முகவரியைப் பார்த்தாள். சென்னீர்குப்பம், அதே ஷெட், அதே கதவு எண். போன வாரம் அந்தக் கதவைத் தாண்டிப் போய்த்தான் இருவரும் அவர் கொடுத்த கேக்கைத் தின்று வந்தார்கள்.

ஜஸ்டின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அவரு டைரக்டரா இருந்தா எந்த பேங்கும் அந்தக் கம்பெனிக்குக் கடன் தராது. அதான் ஒதுங்கிக்கினு கீறாரா?"

"சரக்கு அவருக்கு, கடன் நமக்கு. அதான் நம்ம ஊட்டை பேங்குக்கு அனுப்பப் பாத்தாரு."

அந்த நேரம் பார்த்து அவரே கூப்பிட்டார். "தங்கச்சி, திங்கக்கெழம பேங்க் வேலை முடிஞ்சிடும்ல?"

"முடியாதுண்ணே. ஆர்டர் வேணாம். உங்க பழைய கம்பெனியப் பட்டியல்ல பாத்தேன்."

அவர் மெதுவாக, "அது பழைய கதைம்மா. பேங்க்காரன் பண்ண வேலை. இப்ப கம்பெனி வீட்டம்மா, பொண்ணு பேர்ல கீது, சுத்தமா கீது" என்றார்.

ஷோபனாவுக்கு நிவேதிதா நினைவுக்கு வந்தாள். கோயிலில் கீபோர்டு வாசிக்கும் பெண். போன மாதம்தான் ஐடி கம்பெனியில் வேலை கிடைத்ததென்று சாக்லேட் கொடுத்தாள். அப்பா நீட்டிய காகிதத்தில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்றாள். "உங்க பேரு th போட்டாத்தான் கெடைச்சுது. நிவேதிதா பேரை நாளைக்கு அதே பட்டியல்ல எந்த ஸ்பெல்லிங்ல தேடறது?"

போனில் அவருக்குப் பின்னால் யாரோ கீபோர்டு வாசித்துப் பழகும் சத்தம் மட்டும் கேட்டது.