காக்காவும் காரமும்

நூர்ஜானுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஏழு நாள் வாந்தியெடுத்து, பினாங்கில் இறங்கி மூன்று வாரம் ஆகியும் தரை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சோற்றுக்கடையின் அடுப்படியில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நாலு பாகற்காயை மடியில் போட்டுக்கொண்டு அவள் அரிந்துகொண்டிருந்தாள்.

கடை அவள் புருஷன் நாகூர் மீரானுடையது. அடுப்படி சலேஹாவுடையது. மீரான் இங்கே வந்து பதினோரு வருஷம்; இந்த ஊர்க்காரியான சலேஹாவை நிக்காஹ் செய்து பத்து வருஷம். அதை ஊருக்கு ஒரு வரி எழுதிப் போடக்கூட அவருக்குக் கை வரவில்லை. நூர்ஜான் வந்து இறங்கிய அன்றுதான் தெரிந்தது. சண்டை போடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சண்டைக்கும் தெம்பு வேண்டுமே! மீரானோ குளிர்காய்ச்சலில் மாடியில் சுருண்டு கிடந்தார். நோயாளியிடம் போய் என்னத்தைக் கேட்பது?

மீரானின் தம்பி சீனி முகம்மது மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கி வந்து, "மதினி, அண்ணனுக்கு உடம்பு தேறட்டும், அப்புறம் கூப்பிட்டுக்குவாக" என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டாள்.

இன்று காலையில்தான் மீரான் வாய் திறந்து ஒன்று கேட்டார். கொய்னா மாத்திரை தின்று தின்று நாக்கு மரத்துப் போச்சு, கஞ்சிக்குப் பாகற்காய் வேணும் என்றார். யாரைப் பார்த்துக் கேட்டார் என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நூர்ஜான் அப்போதே மனசுக்குள் ஒரு முடிவு கட்டினாள். நாகூரில் அவர் அள்ளி அள்ளித் தின்றது அவள் செய்த பாகற்காயை. யாரும் சொல்லாமல் அது என் கை என்று அவருக்குத் தெரிந்தால், நான் இருக்கிறேன். தெரியாவிட்டால், போயே போய்விடுகிறேன். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு கொம்பு இல்லை.

"காக்கா, நல்லா காரம் பூசுங்க லா," என்றாள் அடுப்புப் புகைக்குள்ளிருந்து சலேஹா.

அவள் அக்கா என்பதைத்தான் மலாய்க்காரியாட்டம் காக்கா என்கிறாள் என்று சீனி முகம்மது சொல்லியிருந்தார். ஊரில் அண்ணனைத்தான் காக்கா என்பார்கள். மீசை முளைக்காததுதான் குறை என்று நூர்ஜான் நினைத்துக்கொண்டாள். ஆனால் காரமா? பாகற்காய்க்கு உப்பல்லவா பிசிறி வைப்பார்கள்? கேட்க வாயெடுத்தாள், அலுப்பாக இருந்தது. அவள் அடுப்படி, அவள் சொல். மிளகாய்த்தூள் டப்பாவைக் கவிழ்த்து, வட்டம் வட்டமாக அரிந்திருந்த காய் முழுக்கப் பிசிறி வைத்தாள்.

அரை மணி கழித்து வந்து தட்டைப் பார்த்த சலேஹா தலையில் கை வைத்தாள். "யா அல்லா! என்ன காக்கா இது?"

"நீதானே காரம் பூசச் சொன்னே?"

"காரம்! காரம்!" சலேஹா ஓடிப்போய் ஒரு ஜாடியைத் தூக்கி வந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு.

நூர்ஜானுக்கு முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. வேண்டுமென்றே கெடுக்கிறாள், அவர் வாயில் வைத்ததும் துப்பட்டும் என்றுதான் செய்கிறாள் என்று தோன்றியது. ஆனால் ஜாடிக்கு மேலே தெரிந்த முகத்தைப் பார்த்தாள். இவளும் மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"உப்புக்கு உங்க ஊர்ல காரம்னா பேரு?"

"ஆமா லா. வேற என்ன பேரு?"

நூர்ஜானுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. சலேஹாவும் என்னவென்று புரியாமலே சிரித்தாள்.

காய்கறிப் பாசார் மூடியாயிற்று, வேறு காய் கிடையாது. மிளகாய்க்குக் காயின் தண்ணீரை இழுக்கத் தெரியாது, தட்டு காய்ந்தே கிடந்தது. நூர்ஜான் காயை நாலு தண்ணீரில் அலசி, இந்த முறை உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசிறினாள். கொஞ்ச நேரத்தில் அடியில் பச்சைத் தண்ணீர் ஊறி நின்றது. சலேஹா உடனே இரண்டு கையாலும் அள்ளி முறுக்கிப் பிழியப் போனாள்.

"விடு, விடு! துணியா துவைக்கிறே?"

"மூணு தடவை பிழிவேன். அப்புறம் வேகவச்சு அந்தத் தண்ணியையும் கொட்டிடுவேன். அப்பத்தான் கசப்பு போகும்."

"கசப்பு மொத்தமும் போனா அப்புறம் என்னத்தைத் திங்கிறது, சக்கையையா? அது முறைக்காம இருந்தாப் போதும்." உள்ளங்கையில் வைத்து லேசாக ஒரே ஒரு அமுக்கு அமுக்கி எடுத்து, ஒரு தடவை தண்ணீரில் அலசினாள். ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தால் மிளகாய் இன்னும் எரிந்தது. "தயிர் இருக்கா?"

பால்காரர் கொடுத்த தயிர் இருந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் காயைப் போட்டு வைத்தாள். எரிச்சலையும் தயிர் தணிக்கும், கசப்பின் முரட்டுத்தனத்தையும் தணிக்கும். ஊறியதும் வடித்து உதறி, எண்ணெயில் ஓரம் சிவக்க நிதானமாக வதக்கினாள். சலேஹா புளிக்கரைசலோடு வந்து நின்றாள்.

"இரு. காய் வேகறதுக்கு முன்னாடி புளி விழுந்தா விறைச்சுக்கும். தயிரே புளிச்சிருக்கு, ஒரு கரண்டி போதும்."

கடைசியில் உப்பு ஜாடியைத் தொடவேயில்லை. காயே உப்புக் குடித்திருக்கிறது, இன்னும் போட்டால் கரித்துவிடும் என்று நாகூரிலிருந்தே அவளுக்கு ஒரு பயம்.

தட்டைச் சலேஹாதான் மாடிக்குக் கொண்டுபோனாள். நூர்ஜான் கதவோரம், அவர் பார்வை படாத இடத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

மீரான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். "கசக்குதே," என்றார்.

சலேஹா பதறிவிட்டாள். "இன்னிக்குச் சரியாப் பிழியலை. நாளைக்கு நான் செய்யறேன், கசப்பே இருக்காது. நீங்கதான் எப்பவும் கசப்பே இல்லைன்னு மெச்சுவீங்களே!"

"மெச்சினேனா?" மீரான் நிமிர்ந்தார். "பத்து வருஷமா கசப்பே இல்லை, கசப்பே இல்லைன்னு குறைதானே சொல்லிக்கிட்டிருந்தேன்!"

சலேஹா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல இன்னும் ஒரு பிழி கூடப் பிழிந்திருக்கிறாள் பாவம், பத்து வருஷமாக.

மீரான் அடுத்த துண்டை எடுத்தார். கஞ்சி அப்படியே கிடந்தது, காய்தான் தீர்ந்தது. தட்டை வழித்துவிட்டுக் கதவுப்பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நூரு, இன்னிக்கும் உப்பு கம்மி."

கிடைத்துவிட்டது. மூன்று வாரமாக, ஏன், பதினோரு வருஷமாகக் கேட்க நினைத்தது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகைதான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான். படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

அடுப்படியில் தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, ஈரத் துணிகளை அதில் போட்டாள். பின்னாலேயே இறங்கி வந்த சலேஹா கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயமா, நிம்மதியா, அவளுக்கே தெரிந்திருக்காது.

"நாளைக்கும் பாகற்காய் வாங்கு," என்றாள் நூர்ஜான் முக்காலியில் உட்கார்ந்து. "நான் அரிஞ்சு தர்றேன். நீ காரம் பூசு."

"எந்தக் காரம், காக்கா?"

"உன்னோடதுதான்."