வரத்தான் வருவான்

எபிரேய மொழியில் 'போ' என்றால் 'வா' என்று பொருள். கீரனூரில் இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். பழைய ஏற்பாட்டைப் பேச்சுக்கு நெருக்கமான தமிழில் புதிதாகக் கொண்டுவரும் இந்த வேலையில் சேர்ந்தபோது நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. திருப்பாடல்களில் முக்கால்வாசி முடிந்துவிட்டது, என்னிலும் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

அந்த வாரம் என்னைப் படுத்தியது ஒரே ஒரு வரி. விதைப்பையைச் சுமந்து அழுதுகொண்டே போகிறவன் கதிர்க்கட்டுகளோடு பாடிக்கொண்டு திரும்புவான் என்கிற வரி. அந்தத் திரும்பி வருதல் மூலத்தில் இரட்டையாக நிற்கிறது: 'போ யாவோ'. ஒரே வினை, இரண்டு தடவை. முதலில் ஆளும் காலமும் ஒட்டாத மொட்டை வினை, வெறும் 'வருதல்'. அதை ஒட்டியே 'வருவான்' என்ற முழு வினை. சேதியில் சந்தேகமே வேண்டாம் என்று எபிரேயர் அடித்துச் சொல்லும் விதம் அது. அதை அப்படியே 'வருதலாய் வருவான்' என்று எழுதினால் படிக்கிறவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

எல்லா இடத்திலும் 'நிச்சயமாய்' என்று போட்டுத் தப்பிக்கலாம். ஆரம்பத்தில் அப்படித்தான் போட்டேன். என் வரைவுகளைச் சரிபார்க்கும் அடைக்கலம் ஃபாதர் அத்தனையையும் சுழித்துத் திருப்பி அனுப்பினார். "நம்ம ஊர்ல யாருங்க, பொற்கொடி, 'நிச்சயமாய்'னு பேசுறாங்க? கல்யாணப் பத்திரிகையில கூட இல்ல" என்றார். அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். இடத்துக்கு இடம் அதற்கு வேறு தமிழ் வேண்டும். 'கேட்டல் கேளுங்கள்' என்று வந்தால் 'காது கொடுத்துக் கேளுங்கள்'. இதே வரியின் முதல் பாதியில் 'போதல் போவான், அழுதலும்' என்று இருக்கிறது. அங்கே அது அடித்துச் சொல்வது இல்லை, நடக்க நடக்க அழுகையும் ஓயாமல் கூட வருவது. 'அழுதழுது போகிறவன்' என்று எழுதினேன். ஃபாதர் பேனாவையே எடுக்கவில்லை.

இரண்டாம் பாதிக்குப் பொருத்தமான தமிழ் 'வந்தே தீருவான்'. அது எனக்குத் தெரியாததா? எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

என் கணவர் செபஸ்தியான் தோஹாவில் இருக்கிறார். முதலில் வாரா வாரம் பேசினார், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை, பிறகு ஒன்றுமில்லை. போன கோடையில் அவரோடு வேலை பார்த்த அரிமளத்துக்காரர் ஒருவர் விடுப்பில் வந்தார். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். அங்கே வேறு குடும்பமாகிவிட்டது, குழந்தையும் இருக்கிறது, ஊர்ப் பக்கம் இனி வருவதாக இல்லை. நான் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். என் மாமியார் இன்னாசியம்மாளிடம் சொல்லவில்லை. ஒரே மகன். சொன்னால் ஆள் தாங்கமாட்டார் என்று பயந்தேன். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் "எதுவும் சேதி உண்டா?" என்று கேட்பார். "வருவாரு அத்தே" என்பேன். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அந்த ஒரு சொல்லைத் தினமும் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனேன்.

அதனால் 'வரத்தான் வருவான்' என்று எழுதினேன். மூலத்தில் ஒரே வினை இரண்டு தடவை வருகிறது, இதிலும் வருகிறது, ஓசையும் கிடைக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

எழுதி முடித்த பகுதியை, அதை முன்பு கேட்டிராத ஊர்க்காரர்களிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பது எங்கள் வழக்கம். நாம் நினைத்ததும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருந்தால் வரி தேறியது. அன்று வழக்கமாக வரும் பெண்கள் எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். "ஒங்க மாமியார வரச் சொல்லுங்களேன்" என்றார் ஃபாதர். முட்டிவலி, அது இது என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அவரே போன் போட்டு அழைத்துவிட்டார். சாமி கூப்பிட்டதும் அத்தைக்கு முட்டிவலி எங்கே போனதோ, தலைவாரி வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு கோயில் அலுவலகத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

கரண்ட் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். முதல் பாதியை வாசித்தேன்.

"என்னம்மா புரியுது? எதுக்கு அழுவுறான்?" என்று கேட்டார் ஃபாதர்.

"திங்கிற நெல்லக் கொண்டுபோயி மண்ணுல போடுறான்ல சாமி. வீட்டுல புள்ளைக பசியா இருக்கும். அழாம என்ன செய்வான்?"

ஃபாதருக்கு ஒரே சந்தோஷம். அடுத்ததை வாசிக்கச் சொல்லிக் கை காட்டினார்.

"கதிர்க்கட்டுகளைச் சுமந்து, பாடிக்கொண்டு, வரத்தான் வருவான்" என்று வாசித்து நிறுத்தினேன்.

அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம், சொல்லு."

"அவ்வளவுதான் அத்தே. முடிஞ்சிருச்சு."

"எங்கிட்டு முடிஞ்சிச்சு? வரத்தான் வருவான்... ஆனா? ஆனா என்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரத்தான் வந்தாரு, ஆனா ஒரு வாய் தண்ணி குடிக்கல. படிக்கத்தான் படிச்சான், ஆனா வேலை கிடைக்கல. பிறந்ததிலிருந்து நான் பேசுகிற தமிழ். இப்படி இழுத்தால் பின்னால் ஓர் 'ஆனா' வந்து நிற்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அடித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

ஃபாதர் தன் எபிரேயப் பிரதியின் மேல் விரலை வைத்தார். "இங்க ஆனா இல்லையே பொற்கொடி. இது சத்தியம் பண்ற மாதிரி சொல்றது. ஆனா எங்கேருந்து வந்துச்சு?"

அவர் இலக்கணத்தைத்தான் கேட்டார். பாவம், அவருக்கு வேறெதுவும் தெரியாது. ஓசை, இரட்டிப்பு என்று ஏதோ உளறினேன்.

"வந்தே தீருவான்னு போட்டா முடிஞ்சிச்சு. ஒங்களுக்குத் தோணாததா இது? ஏன் சுத்தி வளைக்கிறீங்க?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க சாமி" என்றார் அத்தை. "வீட்டுலயும் எங்கிட்ட இப்புடித்தான் சொல்றா. வருவாரு அத்தே, வருவாரு அத்தேன்னு. சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிருவா. அவ வாயில வராத ஆனா எனக்குக் கேக்காமலா இருக்கு? கேட்டா இந்தப் புள்ள ஒடைஞ்சு போயிருமேன்னுதான் நானும் கேக்காம இருக்கேன்."

ஃபாதர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிரதியை மெதுவாக மூடினார். எழுந்து வெளியே போவதா இருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தை நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அழுவாத. சாமி சொல்ற மாதிரியே எழுது. ஊரு உலகத்துல எத்தனையோ பேரு காத்துக்கெடக்காக, அவுகளுக்கு அது வேணும். வந்தே தீருவான்னே போடு."

நான் 'வரத்தான் வருவான்' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. நான் எழுதி முடிக்கும்வரை அத்தை பொறுத்திருந்தார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அத்தே."

"இப்ப அந்த ஆனாவ எங்கிட்டச் சொல்லு."