புள்ளி மூன்றும் புள்ளி நான்கும்

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அறையில் நான் மட்டும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில், ரசாயனத்தைச் சமைக்கும் ரியாக்டரின் வெப்பநிலை எண்பது டிகிரியில் ஆடாமல் நின்றது. தொண்ணூறைத் தாண்டினால் உள்ளே நடக்கிற வினை தன் சூட்டிலேயே இன்னும் வேகமெடுக்கும்; அப்புறம் அதை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. அந்தச் சூட்டை இறக்குவதற்கு இருப்பது வெளியே நிற்கும் கூலர் ஒன்றுதான். அதன் குழாய்களுக்குள் ரியாக்டரின் திரவம் ஓடும், குழாய்களுக்கு வெளியே தண்ணீர் ஓடும். எத்தனை குழாய், எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டவள் நான். எங்கள் கம்பெனிப் பட்டறையில் செய்ததை லாரியில் ஏற்றி, போன வாரம் கூடவே வந்து இங்கே இறக்கியவளும் நான்தான்.

காலையிலிருந்து நான்கு மணி நேரம் முழு லோடில், அதாவது முழு உற்பத்தி வேகத்தில், ஓட்டிப் பார்த்தாயிற்று. இனி நான் ஏற்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டுவிட்டால் இன்று முதல் முழு லோடில் நிறுத்தாமல் ஓடும்.

பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி. ரியாக்டரை ஓட்டுகிற வேலை அவனுக்கு. கூலர் என் கணக்கு என்று தெரிந்த நாளிலிருந்து ஆலை முழுக்க அதற்கு ‘அக்கா பெட்டி’ என்று பேர் வைத்துவிட்டிருந்தான், போக்கிரி.

“பாத்தீங்களா சார், அக்கா பெட்டி எப்படி நிக்குதுன்னு? நூல் பிடிச்ச மாதிரி நிக்குது.”

“வீட்லயும் இப்படித்தான் கணக்குப் பாப்பாங்களா?” என்றார் உற்பத்தி மேலாளர்.

“அதையேன் கேக்கறீங்க, நான் எத்தனை தோசை தின்னேன்னு கூட எண்ணுவா” என்றான். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மடிக்கணினியில் ஒரு எண் என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

அந்த எண்ணைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பத்தைக் கடத்துகிறது என்பதுதான் கூலரின் திறமை. இந்த ஆலைக்கு முழு லோடில் அறுநூற்றுத் தொண்ணூறு வேண்டும். இன்றைக்கு அளந்ததில் வந்தது எழுநூற்று முப்பது சொச்சம். போதும்தானே என்று மேலாளருக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. ஆனால் இது புத்தம் புதுசு. குழாய்க்குள் ஒரு துளி அழுக்கு ஒட்டவில்லை. என் கணக்குப்படி புதுக் கூலர் தொள்ளாயிரத்து எண்பது காட்ட வேண்டும். இரண்டு மாதத்தில் படிவு ஒட்டி அது இறங்கும். இறங்கினாலும் எழுநூற்று ஐம்பதுக்கு மேல் நிற்கும். அப்படித்தான் போட்டிருந்தேன். இங்கேயோ பிறந்த அன்றைக்கே கிழடு தட்டிப் போயிருந்தது.

“தண்ணி பக்கம் காத்து அடைச்சிருக்கும். வென்ட்டைத் திறந்து பாரு” என்றேன் தம்பியிடம்.

அவன் வாக்கிடாக்கியில் சொன்னான். வெளியே ஒருவர் திறந்தார். காற்று வரவில்லை, தண்ணீர்தான் பீய்ச்சியது. தண்ணீரின் அளவு சரி. நான்கு வெப்பமானிகளையும் கழற்றி ஒரே வாளியில் போட்டுப் பார்த்தோம். நான்கும் ஒரே பாட்டுப் பாடின. ஒரு மணி நேரம் போயிற்று. மேலாளர் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

“ஏம்மா, வேலை செய்யுதா இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“செய்யுது சார். ஆனா செய்ய வேண்டிய அளவு செய்யல.”

“வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைக்கறீங்களே.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அளவு எல்லாம் சரி என்றால் தப்பு எங்கே இருக்கும்? காகிதத்தில்தான் இருக்கும். காகிதம் என்னுடையது.

மூலையில் போய் உட்கார்ந்து என் எக்செல் கணக்கை வரி வரியாகத் திறந்தேன். குழாய்க்குள் கலங்கிச் சுழன்று ஓடும் திரவத்துக்கு எல்லோரும் போடுகிற டிட்டஸ்–போல்ட்டர் சூத்திரம்தான். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு மூன்று. ஓட்டத்தின் கலக்கத்தைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண்ணுக்குப் புள்ளி எட்டு அடுக்கு. ரெனால்ட்ஸ் பதினெட்டாயிரம், சரி. திரவத்தின் தன்மையைச் சொல்லும் பிராண்டல் எண் நாற்பது, அதுவும் சரி. அந்தப் பிராண்டல் எண்ணின் தலையில் உட்கார்ந்திருந்த அடுக்கைப் பார்த்தேன்.

புள்ளி நான்கு.

அடிப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

குழாய்க்குள் ஓடுகிற திரவம் சூடேறினால் புள்ளி நான்கு. அது குளிர்ந்தால் புள்ளி மூன்று. முதல் வருஷம் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கும் தெரியும். சூடான சுவரை ஒட்டி ஓடும் திரவம் இளகும், வெப்பம் சுலபமாகக் கடக்கும். குளிர்ந்த சுவரை ஒட்டினால் அது கெட்டிப்பட்டு ஒரு போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், வெப்பம் திணறும். எங்கள் குழாயில் ஓடுவது சூடான ரியாக்டர் திரவம். வெளியே தண்ணீர். அது குளிர்கிறது, சூடேறவில்லை!

எப்படி நடந்தது என்பதும் உடனே விளங்கிற்று. முதலில் நான் போட்ட வடிவத்தில் குழாய்க்குள் தண்ணீர்தான் ஓடியது. தண்ணீர் சூடேறும், ஆகவே புள்ளி நான்கு, அப்போது அது சரி. மூன்றாவது திருத்தத்தில் இந்த ஆலைக்காரர்களே கேட்டார்கள்: எங்கள் திரவம் ஒட்டும், குழாய்க்குள் விட்டால்தான் பிரஷ் போட்டுத் தேய்க்க முடியும், இடம் மாற்றுங்கள் என்று. மாற்றினேன். அடர்த்தியை, பாகுநிலையை, எல்லாவற்றையும் மாற்றினேன். அடுக்கை மட்டும் மாற்றவில்லை. ஏனென்றால் அது தனிக் கட்டத்தில் இல்லை, சூத்திரத்துக்குள்ளேயே கையால் அடித்து வைத்திருந்தேன். எண்ணைச் சூத்திரத்துக்குள் புதைக்காதே, மஞ்சள் கட்டத்தில் வெளியே வை என்று ஆபீஸில் எல்லோரையும் திட்டித் தீர்ப்பவள் நான். ஊருக்கு உபதேசம்.

புள்ளி மூன்றை அடித்தேன். பிராண்டல் எண் நாற்பதாக இருக்கும்போது அடுக்கில் அந்தப் புள்ளி ஒன்று என்பது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம். ஆயிரத்து முந்நூறு என்று நான் நினைத்திருந்த குழாய்ப் பக்கத்து எண் தொள்ளாயிரத்துக்கு விழுந்தது. புதுக் கூலரின் மொத்தத் திறமை எழுநூற்று முப்பத்தைந்து. திரையில் அளந்ததும் அதுதான்.

படிவைச் சேர்த்தேன். அறுநூறு. வேண்டியது அறுநூற்றுத் தொண்ணூறு.

இன்றைக்கு ஓடும். அடுத்த வாரம் ஓடும். படிவு ஏற ஏற, ஏதோ ஒரு வெயில் நாளில், முழு லோடில், இந்தத் திரையில் எண்பது எண்பத்தைந்தாகும், தொண்ணூறாகும். அப்போது அந்த நாற்காலியில் யார் இருப்பார்? முதுகைக் காட்டி உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தேன். மடிக்கணினியை மூடினேன். பயம்தான், வேறென்ன.

எங்கள் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டார்.

“டெஸ்ட் பாஸா?”

“பாஸ்.”

“கையெழுத்துப் போட்டுட்டு வா. அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்புறம்னா எப்ப சார்? வெயில் காலத்துக்கா?”

“இதப் பாரு, நீ தப்புப் பண்ணினேன்னு எழுதிக் குடுத்தா கம்பெனி பேரு போயிடும். உன்னை நான் எப்படி வச்சுக்கறது? யோசிச்சுச் செய்.” வைத்துவிட்டார்.

யோசித்தேன். பொய் சொல்வானேன், யோசித்தேன்தான். ஒரு நிமிஷம் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பியை வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னால் என்ன என்று கூடத் தோன்றியது. அவன் எழுந்து போனால் அந்த நாற்காலியில் வேறு யாரோ ஒருத்தியின் தம்பி உட்காருவான். சீ என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

மேலாளரிடம் போய் நின்றேன்.

“சார், தப்பு என்னுது. குழாய்ல ஓடுறது குளிருது. நான் சூடேறுதுன்னு கணக்குப் போட்டுட்டேன். புள்ளி மூணு போட வேண்டிய இடத்துல புள்ளி நாலு.”

“புள்ளி ஒண்ணு வித்தியாசத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”

“அடுக்குல இருக்குற புள்ளி ஒண்ணு சார். உங்க திரவத்துக்கு அது நூத்துக்கு நாப்பத்தஞ்சு.”

“இந்தச் சூத்திரமே பத்து இருபது முன்ன பின்ன போகும்பாங்க. எனக்கும் தெரியும்.”

“சூத்திரத்தை விடுங்க. நீங்களே அளந்தீங்க, எழுநூத்தி முப்பது. அதுல உங்க திரவத்தோட படிவைச் சேத்தா அறுநூறு. எந்தச் சூத்திரமும் வேண்டாம்.”

அவர் முகம் மாறிற்று. பேனாவை மூடி வைத்தார். தம்பி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“என்ன செய்யச் சொல்றீங்க?”

“இதுகூட இரண்டாவது கூலர் ஒண்ணு சேக்கணும். அது வர்ற வரைக்கும் எண்பத்தஞ்சு சதவீத லோடுக்கு மேல போகாதீங்க. பத்திரத்துல அதை எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். காரணத்தையும் எழுதுவேன்.”

எழுதினேன். என் தப்பை என் கையாலேயே, முழு வாக்கியமாக. தம்பி எழுந்து வந்து வாசித்தான்.

“ஊரெல்லாம் அக்கா பெட்டி, அக்கா பெட்டின்னு சொல்லிட்டேனே” என்றான் மெதுவாக. லோடை எண்பத்தைந்தில் பூட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே டீ குடிக்கப் போய்விட்டான்.

வேலை போகவில்லை. ஆனால் முதலாளி கணக்குப் போடுகிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். இரண்டாவது கூலருக்கு வேறொருவர் கணக்குப் போட்டார். என்னிடம் காட்டக்கூட இல்லை. நான் வரைபடங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டான், போனான். கிண்டல் இல்லை.

ஒன்பதாவது வாரம் ஒரு மத்தியானம், இரண்டாவது கூலர் இன்னும் பட்டறையில்தான் இருந்தது; வெளியே தார் உருகுகிற வெயில். போன் அடித்தது.

“அக்கா, தண்ணி வால்வு நூத்துக்கு நூறு தொறந்து கிடக்கு. இதுக்கு மேல தொறக்க ஒண்ணுமில்ல.”

“எவ்வளவுல நிக்குது?”

“எண்பத்தாறு டிகிரி. ஒரு மணி நேரமா பாத்துக்கிட்டே இருக்கேன். ஏறல.”

“லோடு?”

“எண்பத்தஞ்சுதான். நீ எழுதினது.”

போனில் அவனுக்குப் பின்னால் மின்விசிறி ஓடியது.

“முழு லோடுல இருந்திருந்தா, அக்கா?”

“தொண்ணூறைத் தாண்டியிருக்கும்” என்றேன். எனக்குத் தெரிந்த எண் அவனுக்கும் தெரியும்.

“சரி,” என்றான். “ராத்திரி சாப்பிட வர்றேன். தோசையை எண்ணாதே.”