ஆயிரத்தில் மூன்று

உயரம் என்றால் எனக்கு ஆகாது. ஓவர்சியர் வேலைக்கு வந்தவன் இதை வெளியே சொல்லலாமா? சொல்லவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

மன்னார்புரத்தில் தூண்கள்மேல் நிற்கும் அந்தக் காங்கிரீட் தண்ணீர்த்தொட்டியை 1941 கோடையில் கட்டி முடித்தோம். முதல் தடவை நீர் நிரப்பியபோதே வடக்குச் சுவரில் நெட்டுக்குத்தாக ஒரு விரிசல் விட்டது. காங்கிரீட்டில் மயிரிழை விரிசல் வராமல் இருக்காது என்று எஞ்சினியர் அற்புதசாமி பதறாமல் ஒரு குறிப்பு எழுதினார். விரிசலின் அகலம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் இருந்தால் தொட்டியைப் பயன்படுத்தலாம். அவ்வளவு மெல்லிய விரிசலைச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பே சில வாரங்களில் அடைத்துவிடும். அதற்கு மேல் போனால் அடையாது. நீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருவாக்கும்.

அளந்து எழுத வேண்டியவன் நான். வெளிப்பக்கம் நாற்பதடி உயரச் சாரத்தில் ஏறி, கோடு போட்ட பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். பாதி ஏறியதுமே இறங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, கழுவுவதற்காகத் தொட்டியைக் காலி செய்தார்கள். நாலு பக்கமும் சுவர் மறைத்த படிக்கட்டு வழியாக ஏறி உள்ளே இறங்கி, தொட்டித் தரையில் சௌகரியமாக நின்று அதே விரிசலை அளந்தேன். ஆயிரத்தில் மூன்று. அளவுத்தாளில் 'அளந்தபோது நீர்மட்டம்' என்ற கட்டத்தில் 'நிறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரிசல் விரிசல்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

திறப்பு விழாவுக்காகத் தொட்டி மறுபடி நிறைந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். தொட்டியின் நிழல் விழுகிற இரண்டாவது வீடு என்னுடையது. வாசலில் என் மகள் கமருன்னிசா மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தேன். வடக்குச் சுவரில் கையகலத்துக்கு ஈரம் கோடாக இறங்கியிருந்தது.

சாப்பிடாமலே தொட்டிக்குத் திரும்பினேன். நீர் நிறைந்தால் அதன் பாரம் வட்டச் சுவரை வெளியே தள்ளும், சுவர் இழுபடும், விரிசல் வாய் திறக்கும். காலியானால் மூடிக்கொள்ளும். மூடின வாயை அளந்து எழுதிவிட்டு வந்திருக்கிறேன். இத்தனை நாள் இது உறைக்கவில்லை என்பதை நினைக்க எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

சாரத்தில் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இப்போதும் தெரியாது. பிஸ்மி சொல்லிக்கொண்டே, கீழே பார்க்காமல், பூதக்கண்ணாடியைச் சுவரில் வைத்தேன். கை ஆடியதில் கோடுகள் ஆடின. மூன்று தடவை பார்த்தேன். ஆயிரத்தில் பன்னிரண்டு.

ஆபீசில் அற்புதசாமி விழா அழைப்பிதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். பொய்யாக எழுதிய கட்டத்தையும் காட்டினேன். அவர் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டேன்.

தொட்டி விழுந்துவிடுமா என்று கேட்டேன்.

"இன்னிக்கு விழாது. பாரத்தைத் தாங்கக் கம்பி போதும். ஆனா துருப்பிடிச்சா கம்பி உள்ளுக்குள்ளயே வீங்கும், காங்கிரீட் பேந்து விழும், அப்புறம் கம்பியும் இத்துப்போகும். பத்து வருஷமோ பதினைஞ்சோ. அன்னிக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். ஆளுக்கொரு ஊர் மாத்திப் போயிருப்போம்."

"நான் இருப்பேன் சார். என் வீடு அதுக்குக் கீழதான் இருக்கு."

இன்றைக்கே விழுந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். பத்து வருஷத்துக்கு எங்கே ஓடுவது?

அவர் அழைப்பிதழ்களை ஒதுக்கினார். என் பழைய தாளில் குறுக்கே கோடு போட்டு, புதுத் தாளை நீட்டினார். பன்னிரண்டு என்று எழுதினேன். நீர்மட்டம் நிறைவு என்று இந்தத் தடவை உண்மையாகவே எழுதினேன். தொட்டியைக் காலி செய்து, உள்பக்கம் கம்பிவலை கட்டிக் கலவை பூசி, மறுபடி நிரப்பி அளக்கும்வரை திறப்பு கிடையாது என்று அவர் கீழே எழுதினார். என்மேல் என்ன நடவடிக்கை என்பதை அப்புறம் பார்ப்போம் என்றார். வால்வைத் திறக்க என்னையே அனுப்பினார்.

தண்ணீர் இரைந்துகொண்டு தெருவோரக் கால்வாயில் ஓடியது. கோடை முழுக்கக் குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருந்த தெரு அது. பெண்கள் குடமும் அண்டாவுமாக ஓடிவந்தார்கள். கிடைத்ததை மொண்டுகொண்டே ஆபீசுக்காரர்களை வாயில் வந்தபடி வைதார்கள். அந்தக் கூட்டத்தில் என் மனைவி நசீராவும் இருந்தாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள்.

"என்னங்க, நாளைக்கு வீட்டுக்கு வர வேண்டிய தண்ணிங்க இது. எந்தப் பாவி இதைத் திறந்து விட்டான்?"

அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டேன்.

"நான்தான் நசீரா," என்றேன்.