மேலே இருந்த எட்டு

நேர்மைக்குக் கோயம்புத்தூரில் அந்த வாரத்து விலை மாதம் இருபத்திரண்டாயிரம். பி.எஃப். தனி, கேன்டீனில் மத்தியானச் சாப்பாடு இலவசம். எந்தக் கடைப் பலகையிலும் இந்த விலை எழுதியிருக்கவில்லை. லோகப்பிரியா தானாகக் கண்டுபிடித்தது. தான் எழுதிவைத்திருக்கும் நாலு வரியை அப்படியே கொடுத்தால் கைவிட்டுப் போகப்போவது எவ்வளவு என்று கணக்குப் போட்டாள். வந்த விடை அது.

தாராபுரத்துப் பெண். மெக்கானிக்கல் கடைசி வருடம். சத்தி ரோட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி. வெளி ஃபவுண்டரிகளிலிருந்து வரும் வார்ப்புகளைச் சோதித்து, ‘சரி’, ‘திருப்பி அனுப்பு’ என்று பிரிக்கும் பிரிவில் போட்டிருந்தார்கள். கடைசி வாரத்தில் பயிற்சியாளர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டு எழுத வேண்டும். கேள்வி மூன்று. என்ன கற்றீர்கள்? என்ன தவறு செய்தீர்கள்? மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? அதன் கீழே பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். மேலாளரும் தனியாகப் போடுவார். மற்ற கம்பெனிகளில் சுய மதிப்பெண் ஒப்புக்குத்தான். இங்கே இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். நாற்பது வந்தால் வேலை உத்தரவு. வராவிட்டால் சான்றிதழ், ஒரு கைகுலுக்கல், கம்பெனி பெயர் போட்ட சாவிக்கொத்து.

இவளுக்கு வேலை கிடைத்துவிட்டதாக அம்மா மயிலாத்தாள் தாராபுரத்தில் பாதித் தெருவுக்குச் சொல்லி முடித்திருந்தாள். மீதித் தெருவுக்கு அந்தப் பாதித் தெரு சொல்லிவிட்டது.

“ரெண்டாவது கேள்விக்கு என்ன எழுதினே?” என்று கேட்டான் கிருபாசங்கர். அவனும் பயிற்சிக்கு வந்தவன், அசெம்ப்ளிப் பிரிவில்.

“நீ என்ன எழுதினே?”

“‘வேலையில மூழ்கிப்போயி நேரத்துக்குச் சாப்புடறதில்லை’ன்னு.”

“நீயா? கேன்டீன்ல மொத ஆளா தட்டு எடுக்கறது நீதானே?”

“அவங்களுக்குத் தெரியுமா அது? தப்பைக் கேட்டா, தப்பு மாதிரி இருக்கற நல்ல கொணத்தைக் காட்டோணும். பொண்ணு பாக்கப் போனா மாப்பிள்ளைக்குக் கோவம் மட்டும் கொஞ்சம் வரும்னு சொல்ல மாட்டாங்களா, அப்புடி.”

அவன் சரக்கு விற்கத் தெரிந்தவன். லோகப்பிரியாவிடம் இருந்த சரக்கோ வேறு ரகம்.

நாலாவது மாதத்தில் நடந்தது அது. ஒரு ஃபவுண்டரியிலிருந்து பம்ப்பின் மேல்கூடு இருநூறு உருப்படி வந்தது. இருநூற்றில் எட்டை எடுத்து அளக்க வேண்டும், எட்டும் சரியென்றால் சுமை முழுவதும் சரி. எந்த எட்டு என்பதில்தான் சூட்சுமம். மேலே, கீழே, நடுவே என்று சோதிப்பவர் தன் இஷ்டத்துக்குக் கைவிட்டு எடுக்க வேண்டும். ‘ரேண்டம்’ என்று அதற்குப் பெயர். அன்றைக்கு ஃபவுண்டரி வண்டியை ஓட்டி வந்த காளிச்சாமி, அப்பா வயதுக்காரர், தோளில் துண்டோடு முன்னால் வந்தார்.

“நீங்க எதுக்குங்க அம்மணி தொடறீங்க? கையெல்லாம் கரியாயிருமுங்க. நான் எடுத்துத் தாரேனுங்க.”

எடுத்தும் தந்தார், மேலே இருந்த எட்டை. ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்து, மேசைமேல் கும்மென்று சத்தம் வராமல் வைத்தார். அந்தப் பிரிவில் எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தான், எல்லாரிடமும் அப்படித்தான். வேண்டாமென்று சொன்னால் மரியாதைக்கு மரியாதை தெரியாதவள் என்றாகிவிடும். லோகப்பிரியா எட்டையும் அளந்தாள். எட்டும் கச்சிதம். மேலாளர் மனோஜ்குமார் கையெழுத்துப் போட்டார்.

அடியில் இருந்தவற்றில், உட்குழிவுக்காக வைக்கும் உள்ளச்சு வார்க்கும்போது நகர்ந்து, ஒரு பக்கச் சுவர் தடியாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. காளிச்சாமிக்கு அது தெரிய நியாயமில்லை. ஃபவுண்டரியில் பாதி வார்த்த பிறகுதான் கவனித்து அச்சைச் சரிசெய்திருக்கிறார்கள். முன்னால் வார்த்தது வண்டியில் முன்னால் ஏறி அடியில் கிடந்தது. கடைந்து முடித்துத் தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு ஏற்றியபோது ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பித்தது. அசெம்ப்ளி அரை நாள் நின்றது. ஃபவுண்டரியின் தவறென்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஃபவுண்டரியும் ஒப்புக்கொண்டது. இவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததை இப்போது தானாக எழுதியிருந்தாள். ‘எங்கள் பிரிவில் வழக்கமாக வண்டிக்காரரே மாதிரி எடுத்துத் தருவார். நானும் அதை அனுமதித்தேன். அதனால் குறையுள்ள சுமை உள்ளே போய்விட்டது. இனி நானே எடுப்பேன்.’

கையெழுத்துக்காக மனோஜ்குமாரிடம் நீட்டினாள். அவருக்கு முப்பத்தைந்து வயது. சூலூரிலிருந்து பைக்கில் வருவார். அடுத்த மாதம் அவருக்கே மதிப்பீடு. படித்துவிட்டு, பேனாவை எடுக்காமல் டீயை எடுத்தார்.

“ஏனுங்க அம்மணி, இது யாரோட மதிப்பீடு?”

“என்னோடதுங்க சார்.”

“படிச்சா என்னோடது மாதிரி இருக்குதே. ‘எங்கள் பிரிவில்’ங்கறீங்க. பிரிவு யாரு? நான். ‘வழக்கமாக’ங்கறீங்க. வழக்கம் பண்ணுனது யாரு? அதும் நான். தப்புல பெரும்பங்கு எனக்குக் குடுத்துட்டு, சில்லறையை நீங்க வெச்சுக்கிட்டீங்க.”

“பொய் ஒன்னும் எழுதலைங்களே சார்.”

“பொய்யின்னு நானும் சொல்லலைங்களே. என்ற தப்பை நான் எழுதிக்குவேன், எனக்கும் ஒரு ஃபாரம் வருதுங்க. உங்குளுது என்னமோ அதை எழுதிக் கொண்டாங்க, போட்டுத் தாரேன். இல்லாட்டி அந்தக் கிருபாசங்கர் பையனாட்டம் சாப்புடறதில்லைன்னு எழுதுங்க. அதுக்கும் போட்டுத் தாரேன்.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். லோகப்பிரியாவுக்குக் கோபம் வந்தது. தன் தலை தப்பப் பேசுகிறார் என்று தோன்றியது. தலை தப்பத்தான் பேசினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு கணக்கு இடித்தது. பழி முழுவதையும் பிரிவின் பேரில் எழுதிவிட்டு, வழக்கத்தை எடுத்துச் சொன்னவள் என்ற நல்ல பெயரை மட்டும் தன் பக்கம் வரவு வைத்திருந்தாள். கிருபாசங்கர் செய்ததும் அதுதானே? அவன் கொஞ்சம் மலிவாகச் செய்தான், அவ்வளவுதான்.

சரி, வழக்கத்தைக் கழித்துவிட்டால் தன் கணக்கில் மிஞ்சுவது என்ன?

பழைய சோதனை அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். எடை, அளவு, சுவர்க் கனம் எல்லாம் அவள் கையெழுத்தில் அழகாக இருந்தன. ‘மாதிரி எடுத்த முறை’ என்ற கட்டத்தில், அதே அழகோடு, ‘ரேண்டம்’.

அதை எழுதச் சொல்லி மனோஜ்குமார் சொல்லவில்லை. காளிச்சாமியும் சொல்லவில்லை. எட்டும் மேலிருந்து வந்ததை நின்று பார்த்தவள் அவள். ‘மேலிருந்து எடுத்தது’ என்று அவள் எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுகிறவர் ஒரு தடவையாவது நின்று யோசித்திருப்பார். இவ்வளவு யோசித்தும் முதல் தாளில் அந்த ஒரு சொல் மட்டும் வராமல் போனதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

புதுத் தாளில் எழுதினாள். ‘வேறொருவர் மேலிருந்து எடுத்துத் தந்த எட்டு உருப்படிகளை, ரேண்டமாக எடுத்தது என்று தெரிந்தே பதிவு செய்தேன். பெரியவர் ஒருவரிடம் வேண்டாமென்று சொல்லக் கூச்சப்பட்டேன் என்பது காரணம். பதிவைப் பொய்யாக எழுதியதற்கு அது காரணம் ஆகாது. மறுபடி என்றால், கையுறை போட்டு நானே அடிவரை எடுப்பேன். முடியாமல் போனால், முடியவில்லை என்று அந்தக் கட்டத்தில் எழுதுவேன்.’ பத்துத் தலைப்புகளில் ‘பதிவுகளின் நம்பகம்’ என்பதற்குத் தனக்கு ஒன்று போட்டாள். மற்ற ஒன்பதிலும் சேர்த்து முப்பத்தைந்து.

மனோஜ்குமார் இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மறுநாள் லோகப்பிரியாவும் மனோஜ்குமாரும் மனிதவள மேலாளர் புவனாவின் அறையில் உட்கார்ந்தார்கள். இரண்டு மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசி முடிப்பது அங்கே வழக்கம். புவனா ஈரோட்டு மஞ்சள் வியாபாரி வீட்டுப் பெண். பேரம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அன்று நடந்த மாதிரிப் பேரத்தை அவர் பார்த்திருக்க மாட்டார்.

“பதிவுகளின் நம்பகம். நீங்க ஒன்னு போட்டிருக்கறீங்க, சார் நாலு. ஏனுங்க சார், அவங்களே பொய்ப் பதிவுன்னு எழுதிக் குடுத்திருக்கறாங்க. அதுக்கு நாலா?”

“மத்த அஞ்சு மாசப் பதிவும் சுத்தமுங்க, மேடம். அந்த ஒன்னுலயும்…” மனோஜ்குமார் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். “வண்டிக்காரர் எடுத்துத் தருவாருன்னு மொத நாள் சொல்லிக் குடுத்தது நானுங்க. நான் சொன்னபடி செஞ்சவங்களுக்கு நான் எப்புடிங்க கொறைக்கறது? அதைய என்ற ஃபாரத்துல எழுதிக்கறேன்.”

புவனா கால்குலேட்டரைத் தட்டினார். “அவங்க முப்பத்தாறு. நீங்க நாப்பத்திரண்டு. சராசரி முப்பத்தொம்பது.”

மனோஜ்குமார் பட்டியலை லோகப்பிரியாவின் பக்கம் தள்ளினார்.

“அந்த ஒன்னை மூணு ஆக்கிக்கங்க, அம்மணி,” என்றார் மனோஜ்குமார். “நாப்பது வந்துருது. பேனா இதா.”

“வேண்டாங்க சார்.”

“ரெண்டு போடுங்க, நான் அஞ்சாக்கிக்கறேன்.”

“அந்த ரிப்போர்ட்ல உங்க கையெழுத்தும் இருக்குதுங்க சார். அஞ்சு போட்டா நல்லாயிருக்காதுங்க.”

புவனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க மண்டியில வாங்கறவன்தான் விலையைக் கொறைப்பான். இங்க விக்கறவளே கொறைக்கறா! கண்ணு, இது வேலைங்க. ரெண்டு மார்க்குல இருக்குது. யோசிச்சுச் சொல்லு.”

லோகப்பிரியா யோசித்தாள். தாராபுரத்துத் தெரு முழுவதும் வரிசையாக வந்துபோனது. அம்மாவின் முகம் கடைசியில் வந்தது.

“மூணு போட்டா, மறுபடியும் அந்தக் கட்டத்துல ரேண்டம்னு எழுதின மாதிரிங்க மேடம். ஒன்னே இருக்கட்டுங்க.”

மனோஜ்குமார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். “சொன்னாக் கேக்கறதில்லை,” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

புவனா விதிமுறைக் கோப்பை எடுத்துப் புரட்டினார். வேலை உத்தரவு தர முடியாது. சாவிக்கொத்துக் கொடுத்து அனுப்பவும் வேண்டியதில்லை. இரண்டு மதிப்பெண்வரை குறைந்தவர்களைப் பயிற்சித் தொகையிலேயே மூன்று மாதம் நீட்டி, குறைந்த தலைப்பை மட்டும் மறுபடி மதிப்பிடலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் இதுவரை யாரும் தனக்குத் தானே குறைத்துக்கொண்டதில்லை.

“அதே பிரிவு, அதே மேசை. சம்மதமா?”

“சம்மதங்க மேடம்.”

“அம்மாகிட்ட என்ன சொல்லுவே?”

“தெரியலைங்க.”

புவனா பட்டியலின் அடியில் எழுதி, திருப்பிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்:

சுய மதிப்பீடு 36. மேலாளர் 42. சராசரி 39. வேண்டியது 40. பாக்கி 1.