எல்லாருக்குமா, நமக்கு மட்டுமா?

தள்ளுபடி தொடங்கிய காலையிலேயே எங்கள் திரைச்சீலைக் கடையின் இணையதளம் திறக்க மறுத்தது. கடை அக்காவுடையது. தளத்தைப் பார்த்துக்கொள்வது நான். ஆகவே திட்டு வாங்க வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

“நமக்கு மட்டுமா, எல்லாருக்குமாடா?” என்றாள் அக்கா.

ஊர் ஊராகப் போயா கேட்க முடியும்? கடைக்குள் இருந்தவர்களைக் கேட்டேன். பில் போடும் பெண்ணின் கம்ப்யூட்டரில் வரவில்லை. தையற்காரரின் செல்போனில் வரவில்லை. அக்காவின் கணவர், அதாவது என் மாமா, நான் கேட்பதற்கு முன்பே “எனக்கும் வரல” என்றார். அவர் முகம் ஏனோ பேயறைந்த மாதிரி இருந்தது.

“அப்ப எல்லாருக்கும்தான்க்கா.”

“நேத்து எடுத்த பேக்கப்பைத் திரும்பப் போடச் சொல்லு.”

போட்டால் அதற்குப் பிறகு வந்த ஆர்டர்கள் அத்தனையும் அழிந்துவிடும். இருந்தாலும் தள்ளுபடி நாளில் தளம் செத்துக் கிடப்பதற்கு இது தேவலை என்று சர்வர் கம்பெனிக்குப் பேசப் போனேன். அதற்குள் கடை போன் அடித்தது.

“இப்பதான் உங்க சைட்டுல நீலத் திரை ஆர்டர் போட்டேன். அதைப் பச்சையா மாத்த முடியுமாங்க?” என்றார் ஒரு வாடிக்கையாளர்.

இப்பதானா? தலையில் அடித்துக்கொண்டேன். கடையில் இருந்த கம்ப்யூட்டர், செல்போன் எல்லாமே ஒரே வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஆளை மூணு தடவை கேட்டுவிட்டு ஊரே சொல்லுது என்று நம்பியிருக்கிறேன், புத்திசாலி! என் போனில் வைஃபையை அணைத்தேன். சிம் நெட்டில் தளம் ஜம்மென்று வந்தது.

ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பில் சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். விடிந்ததிலிருந்து கடை இணைப்பிலிருந்து யாரோ தப்புத் தப்பாகப் பாஸ்வேர்டு அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். திருடன் என்று நினைத்து சர்வர் எங்கள் இணைப்பையே தடுத்துவிட்டது. திருடன் நுழையப் பார்த்தது மாமாவின் கணக்கில்.

நான் அதைச் சொன்னதும் அக்கா மாமா பக்கம் திரும்பினாள். “ஏங்க, போன வாரம்தானே பாஸ்வேர்டை மாத்திட்டுச் சொன்னேன்? நம்ம கல்யாணத் தேதின்னு.”

மாமா ஒரு திரையின் தையலை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார். அக்கா அவரை முறைத்துவிட்டுப் பச்சைத் துணி எடுக்க உள்ளே போனாள்.

நான் தடையை நீக்கினேன். கடையில் எல்லாருக்கும் தளம் வந்தது. மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மாப்ளே, உனக்காவது அந்தத் தேதி ஞாபகமிருக்கா?”

“சாப்பாடுதான் ஞாபகமிருக்கு மாமா.”

அவர் உள்ளறையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அப்ப உன் ஹாட்ஸ்பாட்டை அணைக்காத. அடிச்சுப் பாக்க இன்னும் ரெண்டு தேதி பாக்கி இருக்கு.”